கழித்துக்கொண்டு தரச் சொல்லிப் பாருங்கள்

*வாசகர் கேள்வி*

ஐயா, நான் சாவகச்சேரிப் பக்கம் இருக்கிறன். இரண்டு மாதத்துக்கு முதல் வட்ஸ்அப்பில ஒரு செய்தி வந்தது. குளிர்பானக் கம்பனி ஒண்டு லண்டனில நடத்தின சீட்டிழுப்பில என்ர போன் நம்பருக்கு 500,000 பவுண் விழுந்திருக்கெண்டு. நான் ஒரு ரிக்கெற்றும் எடுக்கேல்லை. கம்பியூட்டர்தான் நம்பரைத் தெரிஞ்செடுத்ததெண்டு சொல்லிச்சினம். அடையாள அட்டையின்ர படமும் பாங்க் புத்தகத்தின்ர படமும் அனுப்பினன். பதிவுக்கெண்டு 9,500, பார்சலுக்கும் காப்புறுதிக்கும் 38,000, கட்டுநாயக்காவில சுங்கம் மறிச்சுப் போட்டுதெண்டு 125,000 கட்டிட்டன். கடைசிக் காசு போன செவ்வாய்க்கிழமை சங்கிலியை அடைவு வைச்சுக் கட்டினது. இப்ப களவுக் காசில்லையெண்டு சான்றிதழ் எடுக்க 240,000 கேக்கினம். இதுதான் கடைசியாம். கனடாவில இருக்கிற தம்பியிட்டக் கேட்டால் தருவான். ஆனால் காசு கைக்கு வரும்வரை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம். கட்டின காசையாவது எடுக்கவேணும். இதைக் கட்டட்டோ? அவை அனுப்பின கடிதங்களையும் நான் கட்டின துண்டுகளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறன்.

*பதில்*

அன்பான தங்கச்சி,

கட்டவேண்டாம். 240,000 ரூபாவும் வேண்டாம், உங்கள் கஷ்டத்தைப் பார்த்துக் குறைத்திருக்கிறோம் என்று நாளைக்குக் கேட்கப்போகிற 50,000 ரூபாவும் வேண்டாம். அந்தப் பரிசு லண்டனிலும் இல்லை, கட்டுநாயக்காவிலும் இல்லை. இதுவரை 172,500 ரூபா கட்டியிருக்கிறீர்கள். அதில் ஏதாவது திரும்ப வர வழியிருந்தால் அது உங்கள் வங்கி வழியாகவும் பொலிஸ் வழியாகவும்தான் வரும். அவர்கள் வழியாக ஒரு சதமும் வராது.

இதை வாசித்து முடிக்க முன்னமே ஒரு வேலை செய்யுங்கள். போன செவ்வாய்க்கிழமை காசு கட்டிய வங்கிக் கிளைக்கு அந்தத் துண்டோடு போய், "இது மோசடி, காசு போன கணக்கை மறிக்கச் சொல்லி மற்ற வங்கிக்கு அறிவியுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். துண்டில் இருக்கிற பரிமாற்ற இலக்கம், திகதி, நேரம், தொகை, போன கணக்கின் இலக்கம் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கவேண்டும். கடிதத்தின் பிரதியொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் 31 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துக் கிளைகளில்தான் போனது. வெளிநாட்டுக் காசு வாங்கிப் பழகின ஊர் இது. ரொறன்ரோவில் இருந்து தம்பி அனுப்புவான், பாரிசில் இருந்து மச்சாள் அனுப்புவா. நீங்களும் எத்தனை தரம் வாங்கியிருப்பீர்கள். அப்போது என்ன நடந்தது என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். தம்பி அங்கே காசைக் கட்டுவான், அனுப்புகூலியையும் அவனே அங்கே கொடுப்பான். நீங்கள் அடையாள அட்டையையும் அவன் சொன்ன இலக்கத்தையும் கொண்டு போனால் கவுண்டரில் காசை எண்ணித் தருவார்கள். கணக்குக்கு நேரே வந்தால் வங்கி தன் கூலியை வந்த காசில் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போடும். உங்களுக்கு வரவேண்டிய காசைத் தருவதற்கு முதல் உங்களிடம் யாராவது ஒரு ரூபா வாங்கியிருக்கிறார்களா?

லொத்தரிலும் அதே கணக்குத்தான். எங்கள் நாட்டில் தேசிய லொத்தர் சபையோ அபிவிருத்தி லொத்தர் சபையோ பெரிய பரிசு கொடுக்கும்போது, தொகை 500,000 ரூபாவைத் தாண்டினால் 14 வீத வரி உண்டு. அந்த வரியைக் கட்டிவிட்டு வா என்று வென்றவரை அனுப்புவதில்லை. பரிசில் இருந்தே பிடித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். பிரித்தானியாவில் லொத்தர் வென்ற காசுக்கு வருமான வரியே கிடையாது, கனடாவிலும் அப்படித்தான். எந்த நாட்டுச் சீட்டிழுப்பானாலும் பரிசு கேட்கப் போகிறவர் கையில் ரிக்கெற் இருக்கவேண்டும், அல்லது அவர் பெயரில் பதிவு செய்து எடுத்த இலக்கம் இருக்கவேண்டும். கம்பியூட்டர் தானாக ஊரார் போன் நம்பர்களைப் பொறுக்கியெடுத்துப் பரிசு கொடுப்பதில்லை. அப்படிக் கொடுக்க ஒரு கம்பனிக்கு என்ன தேவை?

ஆகவே அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "500,000 பவுணில் உங்கள் கட்டணம் முழுவதையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள்." உங்கள் பரிசு இன்றைய மதிப்பில் 20 கோடி ரூபாவுக்குக் கிட்ட. அதில் 240,000 ரூபாவைக் கழித்தால் தெரியக்கூடத் தெரியாது. நீங்கள் இப்போது அவர்களோடு கதைக்கத் தேவையில்லை, அதனால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். "பரிசுத் தொகை முழுவதும் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது. உரியவரின் கைக்குப் போகும்வரை அதில் ஒரு சதமும் தொடச் சட்டம் இடம் கொடாது." வருடக்கணக்காக எல்லா நாட்டிலும் இதே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. இருக்கிற ஒரே காசு உங்களுடையது. மற்றதெல்லாம் அதை உங்கள் கையில் இருந்து எடுக்கிறதற்குக் கட்டிய கதை.

நீங்கள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். "பரிசு உறுதிக் கடிதம்" என்று முதலில் வந்ததில் தொகை இலக்கத்தில் 500,000 பவுண் என்றிருக்கிறது. கீழே எழுத்தில் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் என்றிருக்கிறது. வங்கியில் ஒரு காசோலை இப்படி வந்தால் நாங்கள் அந்த இடத்திலேயே திருப்பிவிடுவோம். கடைசியாக வந்த சான்றிதழ் மாதிரியில் எங்கள் மத்திய வங்கியின் இலச்சினையை ஒட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் "பணிப்பாளர்" என்று ஒரு கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தையும் லண்டன் கூரியர்காரர் தந்ததாகச் சொன்ன பற்றுச்சீட்டில் உள்ள கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் வளைந்து மேலே போகிற கோடு வரைக்கும் ஒன்றுதான். லண்டன் கூரியர்காரரும் கொழும்பு மத்திய வங்கிப் பணிப்பாளரும் ஒரே கையால் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

முத்திரையையும் பாருங்கள். நான் வாழ்நாள் முழுக்க ரப்பர் முத்திரை குத்தினவன். கையால் குத்தினால் ஒரு பக்கம் மை கூடும், மறுபக்கம் மங்கும், கொஞ்சம் சரியும். ஒருநாள் குத்தியது போல மறுநாள் விழாது. உங்களுக்கு வந்த மூன்று கடிதங்களிலும் முத்திரை மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே நீலத்தில், ஒரே சாய்வில் இருக்கிறது. அது கம்பியூட்டரில் ஒட்டிய படம்.

இதைச் சொன்னாலும், கடிதத்தைப் பார்த்துத்தான் மோசடியைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று நினைக்கவேண்டாம். உங்களுக்கு வந்தது கவனமில்லாமல் செய்த வேலை. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய கடிதத்தில் என்னாலும் பிழை பிடிக்க முடியாமல் போகலாம். எவ்வளவு நேர்த்தியாகக் கடிதம் செய்தாலும் ஒன்றை மட்டும் அவர்களால் மறைக்க முடியாது: காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. அது எப்போதும் உங்களிடமிருந்து அவர்களிடம்தான் ஓடும்.

எந்தக் கணக்குக்கு ஓடியது என்பதைத்தான் நான் கடிதங்களைவிட முக்கியமாகப் பார்த்தேன். நீங்கள் கட்டிய மூன்று துண்டிலும் மூன்று வேறு ஆட்களின் பெயர். முதலாவது ஒரு பெண்பிள்ளையின் பெயர், மற்ற இரண்டும் ஆண்கள், மூன்றும் இங்குள்ள வங்கிகளில் தனிப்பட்ட சேமிப்புக் கணக்குகள். சுங்கம் மறித்தது என்று சொல்லிக் கட்டச் சொன்ன 125,000 ரூபா யாரோ ஒரு பொடியனுடைய சேமிப்புக் கணக்குக்குப் போயிருக்கிறது. சுங்கவரி அரசாங்கக் காசு. அது எந்தக் காலத்திலும் ஓர் ஆளின் சொந்தக் கணக்குக்குப் போகாது. 500,000 பவுணைப் பெட்டியில் கட்டி விமானத்தில் பார்சலாக அனுப்புகிற லொத்தரும் இல்லை. அவ்வளவு காசு வங்கியிலிருந்து வங்கிக்குத்தான் வரும்.

சான்றிதழ் கதையும் இதே மாதிரித்தான். பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் எங்கள் நாட்டில் 2006 இல் வந்தது, அது உண்மை. அவர்கள் அந்தப் பெயரை எடுத்துப் பயமுறுத்துவதற்குக் காரணமே அது உண்மையான சட்டம் என்பதுதான். ஆனால் பெரிய தொகை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற பொறுப்பு வங்கியுடையது. வங்கி உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும், பத்திரம் கேட்கும், சந்தேகமிருந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குகிற சான்றிதழ் என்று அந்தச் சட்டத்தில் எதுவும் கிடையாது. மத்திய வங்கி தனியாட்களுக்குக் கணக்கு வைத்திருப்பதும் இல்லை, தனியாளுக்கு வருகிற காசைப் பிடித்து வைத்துக் கட்டணம் கேட்பதும் இல்லை.

இப்போது தொகைகளைப் பாருங்கள்: 9,500, 38,000, 125,000, 240,000. முதலாவது, கட்டிப் பார்ப்போமே என்று யோசிக்க வைக்கிற தொகை. இழந்தால் மனம் நோகும், ஆனால் குடும்பம் ஆடாது. அதைக் கட்டினவுடனே அவர்களுக்கு இரண்டு விசயம் தெரிந்துவிட்டது. நீங்கள் நம்புகிறீர்கள், உங்களால் காசு புரட்டவும் முடிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொகையும் முந்தினதைவிடப் பெரிதாகத்தான் வரும். நீங்கள் அடைவு வைத்ததை அவர்களிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால், வீட்டில் இன்னும் நகை இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். தம்பி கனடாவில் இருப்பதைச் சொல்லியிருந்தால் 240,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒவ்வொரு தொகையையும் கடைசி என்றுதான் சொல்வார்கள். ஏன் அது கடைசியாக இருக்காது என்பதை ஒரு வாடிக்கையாளர் எனக்குப் புரிய வைத்தார். அவரைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் என்னுடைய பிழையும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். நான் அப்போது வேலை செய்த கிளையில் நிலையான வைப்பு வைத்திருந்தார். அப்போதெல்லாம் இது ஈமெயிலில் வரும். ஒருநாள் வைப்பைத் தவணைக்கு முதல் முறிக்க வந்தார். வட்டி குறையுமே, என்ன அவசரம் என்று கேட்டேன். "ஒரு காணி சரிவந்திருக்கு, அச்சவாரம் குடுக்கவேணும்" என்றார். என் முகத்தைப் பாராமல் மேசையில் இருந்த பேனையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். படிவம் சரியாக இருந்தது, கையெழுத்தும் சரி. நான் காசைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். எந்தக் காணி, எங்கே, யார் விற்கிறார் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஏழெட்டு மாதம் கழித்து அவரே வந்து சொன்னார். வங்கியில் கேட்டால் காணிக்கு என்று சொல்லும்படி அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆறு தரம் கட்டியிருந்தார். மூன்றாவது தரத்துக்குப் பிறகு தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றார். "பிறகேன் மாஸ்ரர் கட்டினீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிப்பாட்டினால் அதுவரைக்கும் கட்டினதெல்லாம் போட்டுது எண்டு நானே ஒத்துக்கொள்ளவேணுமே. கட்டிக்கொண்டு இருக்கிறவரைக்கும் அது போகேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம்" என்றார்.

"கட்டின காசையாவது எடுக்கவேணும்" என்று நீங்கள் எழுதிய வரியை வாசித்தபோது எனக்கு அவருடைய முகம்தான் வந்தது. நீங்கள் பரிசுக்காக அடுத்த காசைக் கட்ட யோசிக்கவில்லை, போன 172,500 ரூபாவைக் காப்பாற்ற யோசிக்கிறீர்கள். அவர்களுக்கும் அது தெரியும். மூன்றாவது தொகைக்குப் பிறகு அவர்கள் பரிசைப் பற்றிக் குறைவாகவும், "இதைக் கட்டாவிட்டால் முந்திக் கட்டினதெல்லாம் வீணாகிவிடும்" என்பதைக் கூடுதலாகவும் எழுதியிருப்பார்கள். உங்கள் வட்ஸ்அப் உரையாடலில் மேலே கீழே போய்ப் பாருங்கள்.

ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்பதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்: வேறு யாரும் உங்கள் பரிசைத் தங்களுடையது என்று கேட்டு வந்துவிடுவார்கள், அதனால் இரகசியம் என்று. உண்மையில் அவர்கள் பயப்படுவது உங்கள் தம்பிக்கு. கனடாவில் இருக்கிறவன் இதைக் கேட்ட முதல் நிமிசத்திலேயே "அக்கா, லொத்தருக்கு ரிக்கெற் எங்க?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்வியைத் தடுக்கிறதற்குத்தான் இரகசியம்.

இதில் நீங்கள் மட்டும் அகப்பட்டதாக நினைத்து உங்களைத் திட்டிக்கொள்ளவேண்டாம். காசு வருவதற்கு முதல் காசு கேட்கிற இந்தத் தந்திரம் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் "ஸ்பெயினில் ஒரு பணக்காரன் சிறையில் இருக்கிறான், அவனை மீட்கக் காசு தந்தால் அவனுடைய புதையலில் பங்கு" என்று கடிதம் அனுப்பினார்கள். அண்மைக் காலத்தில் நைஜீரியாவில் இருந்து வந்த கடிதங்களால் அந்நாட்டுக் குற்றவியல் கோவையின் 419ஆம் பிரிவே இந்த மோசடிக்குப் பெயராகிவிட்டது. செய்தி ஏன் இவ்வளவு நம்பமுடியாததாக இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். 2012 இல் மைக்ரோசொப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹேர்லி இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். செய்தி அனுப்புவதற்குச் செலவு இல்லை, பதில் போடுகிறவர்களோடு நாட்கணக்கில் கதைப்பதற்குத்தான் நேரம் செலவாகும். ஆகவே பாதியில் விலகக்கூடியவர்கள் தொடக்கத்திலேயே சிரித்துவிட்டு விலகட்டும் என்று கதையை அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். மிஞ்சிப் பதில் போடுகிற ஒருசிலரைச் சுற்றித்தான் முழு வேலையும் நடக்கும். இரண்டு மாதமாக நாலைந்து பேர் முறைவைத்து உங்களோடு கதைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் தனியாக இருந்து யோசிக்கிற ஒருவர் அதைத் தாங்குவது இலேசில்லை.

இப்போது, ஏன் அவசரம் என்று சொன்னேன் என்பதற்கு வருகிறேன். அந்த மூன்று கணக்குகளும் அநேகமாக மோசடிக்காரருடைய சொந்தக் கணக்குகளாக இருக்காது. யாரோ ஓர் இளம் ஆளுக்குக் கொஞ்சக் காசு கொடுத்து அவருடைய வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி வைத்திருப்பார்கள். வங்கிக்கு வங்கி அனுப்புகிற காசு இப்போது செக்கன்களில் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்த சில நிமிடத்திலேயே இயந்திரத்தில் எடுத்துவிடுவார்கள். ஆனால் ஒருநாளில் இயந்திரத்தில் எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு, அதனால் சிலவேளை கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கும். அந்த மிச்சத்தைத்தான் மறிக்கலாம். சில மணித்தியாலத்துக்குள் வந்து சொன்னவர்களுக்குக் காசு மறிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிழமை கழிந்து வந்தவர்களில் அப்படி மிக அரிது. உங்களுக்கு நாட்கள் போய்விட்டன, அதனால் பெரிய நம்பிக்கை வைக்கச் சொல்ல மாட்டேன். எப்படியும் அறிவியுங்கள், ஏனென்றால் அந்தக் கணக்குக்கு இன்னொருவர் இன்றைக்குக் காசு கட்டிக்கொண்டு இருக்கலாம்.

வங்கி செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். கணக்குக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. மிஞ்சியிருக்கிற காசை நேரே எடுத்து உங்களுக்குத் தரவும் மாட்டார்கள், அதற்கு நீதிமன்றக் கட்டளை தேவைப்படும். அதனால்தான் பொலிஸ் முறைப்பாடு கட்டாயம். முறைப்பாடு செய்தால் உங்களைப் பிடித்து விடுவார்களோ என்ற பயம் வேண்டாம். இது தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் என்கிற குற்றம், நீங்கள் அதில் பாதிக்கப்பட்டவர். சாவகச்சேரி பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே வாக்குமூலம் கொடுக்கலாம். கொடுத்த பிறகு முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வங்கிக்கு மறுபடி போகும்போது அது உதவும். இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கும் 101 என்ற இலக்கத்தில் சொல்லலாம். அவர்கள் காசு மீட்டுத் தருகிறவர்கள் அல்ல, ஆனால் வட்ஸ்அப் இலக்கத்தை என்ன செய்வது என்று வழி சொல்வார்கள்.

போகமுதல் சான்றுகளை ஒழுங்கு செய்யவேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அது தான் உங்களிடம் இருக்கிற வழக்கு. பெயராகச் சேமித்திருந்தால் பெயர் மட்டும் தெரியும், ஆகவே இலக்கம் தெரிகிற பக்கத்தையும் திறந்து படமெடுங்கள். அந்த இலக்கம் +44 இல் தொடங்குகிறபடியால் ஆள் லண்டனில் இருக்கிறார் என்று நினைக்கவேண்டாம், எந்த நாட்டு இலக்கத்தையும் இணையத்தில் வாடகைக்கு எடுக்கலாம். காசு கட்டிய துண்டுகளை இன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள். இயந்திரம் தருகிற துண்டு வெப்பத்தில் அச்சாகிற தாள். கைப்பைக்குள் வெயிலில் சில மாதம் கிடந்தால் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். உங்கள் முதலாவது துண்டில் கணக்கிலக்கத்தின் கடைசி மூன்று எண் ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது.

அடையாள அட்டைப் படம் அனுப்பியதை முறைப்பாட்டில் திகதியோடு சேர்த்துச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் யாராவது சிம் எடுத்தாலோ கணக்குத் திறந்தாலோ, இன்ன திகதியில் என் அட்டை அவர்கள் கைக்குப் போனது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும். உங்கள் தொலைபேசிக் கம்பனியின் அலுவலகத்தில் உங்கள் அட்டை இலக்கத்தில் வேறு சிம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். வங்கிப் புத்தகத்தின் படம் போனதால் மட்டும் யாரும் காசு எடுக்க முடியாது. ஆனால் உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்து அதை யாராவது கேட்டால், அவர் வங்கிக்காரன் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கட்ட மறுத்த பிறகு என்ன நடக்கும் என்பது இன்னொரு விசயம். இதைத்தான் ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில் மிரட்டுவார்கள். பரிசு வாங்க மறுத்ததற்கு வழக்கு, சுங்கத்தில் இருந்து பிடியாணை என்றெல்லாம் வரும். பிறகு கெஞ்சுவார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் மிக நல்ல மனிதராக ஒருவர் எடுப்பார்: "உங்களிடம் காசில்லாவிட்டால் பரவாயில்லை, எங்கள் ஆள் ஒருவர் உங்கள் கணக்குக்கு 300,000 ரூபா போடுவார். நீங்கள் அதில் 20,000 ரூபாவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நாங்கள் சொல்கிற கணக்குக்கு அனுப்புங்கள்." காசு உண்மையாகவே வரும். பார்த்ததும் இழந்தது திரும்ப வருகிறது என்று மனம் குளிரும். அந்த 300,000 ரூபா உங்களைப் போலவே அகப்பட்ட இன்னொரு பெண்ணுடைய சங்கிலிக் காசு. அவர் முறைப்பாடு செய்யும்போது துண்டில் உங்கள் பெயர் இருக்கும், பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்போது நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்று விளக்குவது கடினம். ஆகவே முன்பின் தெரியாத காசு உங்கள் கணக்குக்கு வந்தால் தொடாமல், யாருக்கும் திருப்பியும் அனுப்பாமல், நேரே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து இன்னொருவர் வருவார். சட்டத்தரணி என்பார், சர்வதேசப் பொலிஸ் என்பார், மத்திய வங்கியின் மீட்புப் பிரிவு என்பார். உங்களை ஏமாற்றியவர்களைப் பிடித்துவிட்டோம், உங்கள் 172,500 ரூபாவும் அகப்பட்டிருக்கிறது, விடுவிக்க 15,000 ரூபா கட்டுங்கள் என்பார். நீங்கள் இழந்த தொகை அவருக்குச் சதம் பிசகாமல் தெரிந்திருக்கும், அதனால் நம்பத் தோன்றும். அது தெரிந்ததற்குக் காரணம், அவரும் அதே ஆள், அல்லது அதே ஆள் விற்ற பட்டியலை வாங்கினவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள், கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரச் சொல்லி.

தம்பிக்கு இன்றிரவே சொல்லுங்கள். காசு கேட்கவேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். இரண்டொரு வார்த்தை கடுமையாகச் சொல்லுவான், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் அவர்கள் எடுக்கும்போது நீங்கள் தனியாக இருக்கமாட்டீர்கள்.

கடைசியாகச் சங்கிலி. அதுதான் இன்னும் முழுதாக உங்களிடமிருந்து போகாமல் இருக்கிற சொத்து. அடைவுச் சீட்டை எடுத்துத் தவணை முடிகிற திகதியைப் பாருங்கள். முதலைக் கட்ட இயலாவிட்டாலும் அந்தத் திகதிக்கு முதல் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கலாம். கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போகும், ஏல அறிவித்தல் உங்கள் பழைய விலாசத்துக்குப் போய்த் தெரியாமல் போனவர்களும் உண்டு. அடைவுக் கவுண்டரில் இப்போதைய விலாசமும் தொலைபேசி இலக்கமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். முதலைச் சிறு சிறு தொகையாகக் கட்ட விடுவார்களா என்பதையும் அங்கேயே கேட்டு வாருங்கள், கன இடங்களில் விடுவார்கள். தம்பி ஏதாவது உதவி செய்வதாகச் சொன்னால் அந்தக் காசை நேரே இந்தச் சீட்டுக்குக் கட்டுங்கள்.